தாமதமாக வரும் ஓடிபியும் அதைக் கேட்டு வரும் போனும்

குமுளி செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் டவுன்லோடு, பி.எஃப். விண்ணப்பம், ரேஷன் கார்டு வேலை எல்லாம் உண்டு. வருபவர்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்கு வருகிறவர்கள். மீதிப் பேர் வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆட்கள். யாருக்கு என்ன வேலை செய்தாலும் நடுவில் ஒரு ஓடிபி வந்தாக வேண்டும். "வரலையே தம்பி" என்பதுதான் என் கடையில் அதிகம் கேட்கும் சொல்.

அந்த "வரலையே"க்கும் ஓடிபியை ஏமாந்து கொடுப்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. ஓடிபி வராத அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மனுஷனுக்குப் பொறுமை போகிறது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறான். எவனோ போன் பண்ணி "வந்துச்சா சார்?" என்று கேட்டால், உதவி செய்ய வந்தவன் என்று நம்பிவிடுகிறான். அதனால் எஸ்.எம்.எஸ். எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வங்கியோ ஆதாரோ அனுப்பும் ஓடிபி நேராக நம் போனுக்கு வருவதில்லை. முதலில் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொடுக்கும் ஒரு இடைநிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து செல்போன் கம்பெனிக்கு. அங்கே அனுப்புபவரின் பெயரும் வாசகமும் முன்கூட்டியே பதிவு செய்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் எஸ்.எம்.எஸ். சென்டர் என்ற இடத்தில் போய் உட்காரும். அந்த சென்டர், இந்த சிம் இப்போது எந்த ஊர் நெட்வொர்க்கில் இருக்கிறது என்று பதிவேட்டில் கேட்டுப் பார்த்து, அங்கே அனுப்பிவைக்கும். போன் கிடைக்கவில்லை என்றால் மெசேஜைத் தூக்கிப் போட்டுவிடாது. வைத்திருந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். அப்போதும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த முயற்சிக்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் சிக்கல் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அதிகம். கேரளா ஒரு தொலைபேசி வட்டம், தமிழ்நாடு வேறொரு வட்டம். லோயர் கேம்பிலிருந்து மலை ரோட்டில் ஏறும்போது, பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும். மேலே வந்து சேர்ந்த போன் சில சமயம் கீழே இருந்த தமிழ்நாட்டு டவரையே ஒரு கோட்டில் பிடித்துக்கொண்டு தொங்கும். பக்கத்திலேயே நல்ல கேரள டவர் இருந்தாலும் உடனே மாறாது. பதிவேட்டில் போன் இன்னும் அங்கேதான் இருக்கிறது, மெசேஜும் அங்கேதான் போய்த் தட்டுகிறது.

இதற்கு ஏரோபிளேன் மோடு நல்ல மருந்து. போட்டு, பத்து இருபது விநாடி விட்டு, எடுக்க வேண்டும். போன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிந்துகொள்ளும். காத்திருந்த மெசேஜ் இருந்தால், "ஆள் வந்துவிட்டார்" என்ற தகவல் எஸ்.எம்.எஸ். சென்டருக்குப் போய், அது அடுத்த முயற்சிக்கான நேரம் வரும்வரை காத்திராமல் உடனே அனுப்பும். என் கடையில் வாசல் பக்கம் போய் நிற்கச் சொல்வதைவிட இது அதிகம் வேலை செய்கிறது.

இதில் வராவிட்டால் அடுத்து போனையே பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். கையில் பட்டன் போன். ஆதார் ஓடிபி கேட்டோம், வரவில்லை. மறுபடியும் இரண்டு தடவை கேட்டோம், வரவில்லை. என் போனிலிருந்து அவருக்கு அடித்துப் பார்த்தேன், நன்றாக மணி அடித்தது. கால் வருகிறது, மெசேஜ் வரவில்லை என்றால் டவர் மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை. ஆதாரில் இருக்கும் நம்பர் வேறா என்று சந்தேகம் வந்தது. இது எங்கள் பக்கம் சகஜம். மகன் திருப்பூரில் இருப்பான், அவன் நம்பரைத்தான் கொடுத்திருப்பார்கள், ஓடிபி அங்கே போய்க்கொண்டிருக்கும். ஆனால் திரையில் காட்டிய கடைசி எண்கள் அந்த அம்மாவின் நம்பரோடு ஒத்துப்போயின.

அப்புறம்தான் போனை வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் குட்டிக் கவர் படம் ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. மெசேஜ் பெட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ரீசார்ஜ் ஆஃபரும் காலர் ட்யூன் விளம்பரமுமாக அடைத்துக் கிடந்தது. இப்படி இருக்கும்போது போன் நெட்வொர்க்கிடம் "என்னிடம் இடம் இல்லை" என்று திருப்பிச் சொல்லிவிடும், மெசேஜ் அங்கேயே நிற்கும். அழித்து இடம் பண்ணினால் "இடம் வந்துவிட்டது" என்று போனே சொல்லும். அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு விளம்பரங்களை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் டிங், டிங், டிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

இப்போது புதுப் பிரச்சினை. கையில் இருப்பது மூன்று ஓடிபி. எதைப் போடுவது? பெரும்பாலான இடங்களில் புதிய ஓடிபி கேட்டதுமே பழையது செத்துவிடும். கடைசியாகக் கேட்டதுதான் செல்லும். ஆனால் கடைசியாகக் கேட்டதே கடைசியாக வந்து சேரும் என்று நிச்சயமில்லை. வழியில் காத்திருந்து வருகிறவை முன்பின்னாக வரலாம். அந்த அம்மா மேலே இருந்ததைப் போட்டார், "தவறு" என்றது. தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கதவையே சாத்திவிடுவார்கள். அதனால் நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: மாட்டியிருந்ததெல்லாம் வந்து தீரட்டும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு முறை புதிதாகக் கேட்டு, அதை மட்டும் போடுவது. ஆதார் ஓடிபிக்குப் பத்து நிமிஷம் ஆயுள் உண்டு, மெசேஜிலேயே போட்டிருக்கும். "மறுபடி அனுப்பு" பட்டனில் விரலை வைத்துக்கொண்டே நிற்க அவசியமே இல்லை.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்க்கலாம். பல போன்களில் மெசேஜை அழுத்திப் பிடித்து விவரங்களுக்குள் போனால் அனுப்பிய நேரம், வந்த நேரம் என்று இரண்டு இருக்கும். அனுப்பிய நேரம் என்பது எஸ்.எம்.எஸ். சென்டர் போட்ட முத்திரை. நீங்கள் பட்டனை அமுக்கியது 10.05, அனுப்பியது 10.05, வந்தது 10.12 என்றால் தாமதம் டவரிலோ உங்கள் போனிலோ. ஏரோபிளேன் மோடு உதவும். அமுக்கியது 10.05, அனுப்பியதே 10.11 என்றால் மெசேஜ் செல்போன் கம்பெனியின் சென்டருக்கு வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அதற்கு நீங்கள் மொட்டை மாடிக்கு ஏறினாலும் பலன் இல்லை. 2021 மார்ச் 8 அன்று அந்த வாசகச் சரிபார்ப்பைக் கறாராக அமல்படுத்தியபோது நாடு முழுக்க ஓடிபி நின்று போனது. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. அன்று எந்த ஊரில் நின்றாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சிம் தொலைந்து அதே நம்பரில் புது சிம் வாங்கினால், முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. 2022 கடைசியில் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு அது. உங்கள் பெயரில் வேறு ஒருவன் சிம் வாங்கிவிட்டால் உடனே ஓடிபியை அள்ளிவிடக் கூடாது என்பதற்காக. புது சிம்மைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே என்னிடம் வருகிறவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அதேபோல, சும்மா இருந்த போனில் திடீரென்று சிக்னல் அறவே போய் ரொம்ப நேரம் வராமல் இருந்து, பக்கத்தில் இருப்பவர்களின் அதே கம்பெனி சிம் நன்றாக இருந்தால், உடனே கஸ்டமர் கேரில் கேட்டுவிடுங்கள். உங்கள் நம்பரில் வேறு எங்கோ சிம் போட்டிருக்கலாம்.

சரி, போன் பண்ணிக் கேட்கிறவன் கதைக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி அண்ணன் ஒருவர் இரண்டு சிம் போனில் ஒரு சிம்மை வியாபாரத்துக்கும், இன்னொன்றை வங்கிக்கும் வைத்திருக்கிறார். வியாபார நம்பருக்கு ஒரு போன். நல்ல தமிழ். கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்ட் இன்றோடு காலாவதியாகிறது, பணமாக மாற்றித் தருகிறோம் என்று பேச்சு. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களை அவனே சொல்லியிருக்கிறான். அதில் அண்ணனுக்கு நம்பிக்கை வந்து மிச்சத்தைச் சொல்லிவிட்டார், பின்பக்க மூன்று இலக்கத்தோடு. முதல் ஆறு இலக்கம் வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பது. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாது.

அப்புறம் "ஒரு கோட் வரும், சொல்லுங்க சார்" என்றிருக்கிறான். வரவில்லை. காரணம் எளிது. பெரும்பாலான இரண்டு சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம் தொடர்பில் இருக்காது. வங்கி சிம்முக்கான ஓடிபி வெளியே நின்றுகொண்டிருந்தது. இவர் லைனில் இருக்கும்வரை வராது. அவனுக்கு அது தெரியாததால் "லைன்லயே இருங்க, லைன்லயே இருங்க" என்று சொல்லிச் சொல்லித் தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொண்டான். கடைசியில் சிக்னல் விட்டுப்போய் லைன் கட்டானது. கட்டான கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது.

அடுத்து அவன் மறுபடி கூப்பிட்டான். இந்தப் பேச்சைத்தான் கவனிக்க வேண்டும். "சார், கோட் லேட்டா வந்திருக்கும், அது இப்போ எக்ஸ்பயர் ஆகிடுச்சு. அதைச் சொன்னீங்கன்னா நான் கேன்சல் பண்ணிட்டுப் புதுசு அனுப்புறேன்." செத்துப்போனதைச் சொல்வதில் என்ன நஷ்டம் என்று யாருக்கும் தோன்றும். அண்ணனுக்கும் தோன்றியிருக்கிறது. நல்லவேளையாக, எண்ணைச் சொல்வதற்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டியவர் எண்ணுக்கு முன்னால் இருந்த வரியையும் சேர்த்துப் படித்துவிட்டார். அதில் பாயிண்ட் என்ற பேச்சே இல்லை. ஒரு ஆன்லைன் கடையின் பெயரும், இருபதாயிரத்துக்கு மேல் ஒரு தொகையும் இருந்தன. போனை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி என் கடைக்கு ஓடி வந்தார்.

"கோட் சொல்லலைல்ல தம்பி, தப்பிச்சேன்ல?" என்றார். பாதிதான் தப்பித்திருந்தார். அந்த ஓடிபி இல்லாமல் இந்தப் பணம் போகாது. ஆனால் கார்டு எண், தேதி, பின்பக்க எண் மூன்றும் வெளியே போய்விட்டன. இந்தியாவில் ஆன்லைன் வாங்கலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது கிடையாது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால் ஓடிபியே கேட்காமல் பணம் எடுக்க முடியும். அதனால் கார்டின் பின்னால் அச்சடித்திருந்த நம்பருக்கே அடித்து கார்டை முடக்கினோம். கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் நம்பருக்கு அடிக்கவே கூடாது. அங்கேயும் இவன் அண்ணன் தம்பிதான் உட்கார்ந்திருப்பான்.

ஓடிபியை ஏன் யாருக்கும் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நீளமான விளக்கம் தேவையில்லை. கேட்கிறவனிடம் மற்றதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. கார்டு எண்ணோ பாஸ்வேர்டோ போட்டு அவன் அங்கே கடைசித் திரை வரைக்கும் வந்து நிற்கிறான். உங்களுக்கு மெசேஜ் வந்ததே அதற்குச் சாட்சி. நீங்கள் எதையும் கேட்காமல் ஒரு ஓடிபி வந்தால், அது தாமதமாக வந்த குப்பை என்று தள்ளிவிடாமல் வாசகத்தைப் படியுங்கள். என்ன தொகை, எந்தக் கடை, எந்த வங்கி என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் ஏதோ ஒரு விவரம் வெளியே போயிருக்கிறது, பாஸ்வேர்டையோ கார்டையோ கவனிக்க வேண்டும். ரத்து செய்வதற்கு ஓடிபி கேட்கிறேன் என்று எவன் சொன்னாலும் பொய். ஒன்றும் செய்யாமல் விட்டாலே அது தானாகக் காலாவதியாகிவிடும். அதைப் படித்துக் காட்டி ரத்து செய்ய வேண்டிய வேலையே கிடையாது. அவன் "எக்ஸ்பயர் ஆகிடுச்சு" என்று சொல்லும்போது அது உயிரோடுதான் இருக்கிறது, இல்லாவிட்டால் கேட்க மாட்டான்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆறு இலக்கமும் இதே கதைதான். தெரிந்தவர் நம்பரிலிருந்தே "என் கோட் தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க" என்று கேட்பார்கள். அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும். அடுத்தது உங்களுடையது. செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு பின் போட்டுவைத்தால் ஆறு இலக்கம் மட்டும் இருந்து பயனில்லை. கணக்கைப் பிடித்தவன் நீங்கள் பின் போடாததைப் பார்த்துத் தானே ஒன்றைப் போட்டுவிட்டால், நீங்கள் திரும்ப உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும்.

இதெல்லாம் சொல்கிற நானே கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மற்றவர்களின் ஓடிபியில் பிழைக்கிறவன். "யாருக்கும் சொல்லாதே" என்று எழுதி ஒட்டிவிட்டு, "நம்பரைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? என்னைப் போன்ற கடைகளில் இதுதான் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். வங்கி மெசேஜில் தொகையாவது இருக்கும். ஆதார் மெசேஜில் பெரும்பாலும் ஆதாரின் கடைசி எண்களும் ஓடிபியும் ஆயுளும்தான் இருக்கும், எதற்காக என்று இருக்காது. பி.எஃப்.புக்கு என்று சொல்லிவிட்டு வேறொன்றுக்குப் போட்டாலும் அந்த அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை.

அதனால் கம்ப்யூட்டரில் செருகும் தனி நம்பர் பேட் ஒன்று வாங்கி, வாடிக்கையாளர் பக்கம் வைத்திருக்கிறேன். திரையையும் அவர்கள் பக்கம் திருப்பிவிடுவேன். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எதற்கு விண்ணப்பம் என்று வாசித்துக் காட்டிய பிறகு அவர்களே எண்ணைத் தட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட போனில் தெரியும் எண்ணின் உருவத்தைப் பேடில் தேடி ஒவ்வொன்றாக அமுக்கிவிடுகிறார்கள். அந்தப் பி.எஃப். அம்மாவும் அப்படித்தான் செய்தார், போனை இடது கையில் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால். நேரம் கொஞ்சம் அதிகம் ஆகும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. நீங்கள் போகிற கடையிலும் "நானே போட்டுக்கறேன்" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கொடுப்பதற்கென்றே வரும் எண்ணும் உண்டு. கேஸ் சிலிண்டர் வந்து இறங்கிய பிறகு டெலிவரி ஆளிடம் சொல்லும் நாலு இலக்கம் அப்படிப்பட்டது. வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் சொல்வதும் அப்படித்தான். பொருளோ வண்டியோ உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும், மெசேஜிலும் அதைக் கொடுக்கச் சொல்லியே இருக்கும். "சிலிண்டர் நாளைக்கு வரும், நம்பரை இப்பவே சொல்லுங்க" என்றால் கொடுக்காதீர்கள்.

ஓடிபியைக் கொடுத்து, பணமும் போய்விட்டால் முதல் போன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு. அதோடு வங்கிக்கும். குமுளியில் இருந்தாலும் கம்பத்தில் இருந்தாலும் அதே 1930தான், எந்த மாநில போலீஸ் என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்து வைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு, அதனால் வீட்டில் சொல்வதுகூட அப்புறம் இருக்கட்டும். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் போன மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள், அதில் இருக்கும் பரிவர்த்தனை எண் கேட்பார்கள்.

வங்கி திருப்பித் தருமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, வேறு எங்கோ நடந்த திருட்டு என்றால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கிக்குத் தகவல் சொல்லும் நிமிஷம் வரை போன பணம் முழுக்க உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். சொன்ன பிறகு போவது மட்டும் வங்கியின் பொறுப்பு. அதனால் வங்கிக்கு அடித்ததும் புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.